ரிட்டர்ன் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது?

"ஆன்லைனில் ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். 10 நாள் ரிட்டர்ன் என்று போட்டிருந்தது. 3-ம் தேதி காலை 11 மணி வாக்கில் டெலிவரி. நான் ஊரில் இல்லாததால் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னேன். 12-ம் தேதி இரவுதான் பெட்டியைத் திறந்தேன், இடது பக்கம் சத்தமே வரவில்லை. 13-ம் தேதி காலை 9 மணிக்கு ரிட்டர்ன் போடப் போனால் கெடு முடிந்தது என்கிறது. பெட்டியைத் திறந்து ஒரு நாள்கூட ஆகவில்லையே! இவர்கள் எப்படித்தான் எண்ணுகிறார்கள்?"

பெட்டியைத் திறந்த நாள் கணக்கில் வராது. அதில் சந்தேகமில்லை. ஆனால் டெலிவரி நாளிலிருந்தே எண்ணினாலும், வழக்கத்தில் இருக்கும் மூன்று கணக்குகளில் இரண்டின்படி 13-ம் தேதி காலை 9 மணிக்கு நீங்கள் கெடுவுக்குள்தான் இருந்திருக்கிறீர்கள். அதனால் "முடிந்தது" என்று திரையில் வந்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, உங்களுக்கு வந்திருப்பது பழுதான பொருள். மனம் மாறித் திருப்பி அனுப்புகிற விஷயமே இல்லை இது. அதற்கு வேறு கெடு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆன்லைன் விற்பனை நிறுவனம் ஒன்றின் ரிட்டர்ன் பிரிவில் 11 வருடம் இருந்தேன். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கிற மேசை. அங்கே வந்த சண்டைகளில் பெரும்பகுதி பொருளைப் பற்றியதாக இருக்காது, ஒரு நாள் வித்தியாசத்தைப் பற்றியதாகவே இருக்கும். வாங்கியவர் ஒரு கணக்கில் எண்ணியிருப்பார், கணினி வேறு கணக்கில் எண்ணியிருக்கும்.

முதல் கணக்கில் டெலிவரி ஆன நாளே ஒன்றாம் நாள். 3-ம் தேதி ஒன்று, 4-ம் தேதி இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் 12-ம் தேதி பத்து. 12-ம் தேதி நள்ளிரவோடு கதவு மூடிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டு கணக்கிலும் 13-ம் தேதி காலை 9 மணிக்கு ரிட்டர்ன் பட்டன் திறந்திருக்கும்.

இரண்டாவது கணக்கில் டெலிவரி நாளைச் சேர்ப்பதில்லை. அது பூஜ்யம். 4-ம் தேதி ஒன்று, 13-ம் தேதி பத்து. 13-ம் தேதி நள்ளிரவு வரை நேரம் உண்டு. மூன்றாவது கணக்கு மணிக்கணக்கு. பத்து நாள் என்றால் 240 மணி நேரம், 3-ம் தேதி காலை 11 மணிக்குத் தொடங்கினால் 13-ம் தேதி காலை 11 மணிக்கு முடியும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது சுலபம், டெலிவரி நேரத்தோடு பத்து நாளைக் கூட்டினால் போதும். அதனால் பல தளங்களில் உள்ளுக்குள் இப்படித்தான் ஓடுகிறது. வாங்கியவர்தான் "இன்று முழுக்க நேரம் இருக்கிறதே" என்று நினைத்துச் சாயங்காலம் உட்கார்ந்து ஏமாந்துபோவார்.

நேர மண்டலமும் ஒரு நாளைத் தின்னும். சில நிறுவனங்களின் கணினிகள் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில்தான் குறித்துவைக்கும். உங்கள் ஊர் அந்த நேரத்துக்கு 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு வீட்டு வாசலில் வாங்கிய பார்சல், கணினியில் முந்தைய நாள் இரவு 11 மணிக்கு வந்ததாகப் பதிவாகும். பொருள் கைக்கு வருவதற்கு முந்தைய தேதியிலிருந்தே உங்கள் கெடு ஓட ஆரம்பித்திருக்கும். பகலில் வந்த பார்சலுக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. அதிகாலை டெலிவரி என்றால் ஆர்டர் பக்கத்தில் இருக்கும் தேதியைக் கூரியரின் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த மூன்றில் எது சரி? சட்டம் நாள் எண்ணும்போது பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் எண்ணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. ஒரு நிகழ்விலிருந்து நாட்களை எண்ணினால் அந்த நிகழ்வு நடந்த நாளைச் சேர்க்கக் கூடாது என்றும், கெடு கடைசி நாளின் கடைசி மணி நேரம் முடியும்வரை நீடிக்கும் என்றும் 1971-லேயே அங்கே தனி ஒழுங்குமுறை போட்டார்கள். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையாக அமைந்தால் அடுத்த வேலைநாள் முடியும்வரை கெடு நீளும். அங்கே ஆன்லைனில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் திருப்ப 14 நாள் உண்டு. 3-ம் தேதி பொருள் கைக்கு வந்தால் 17-ம் தேதி நள்ளிரவு வரை, 17 ஞாயிறாக இருந்தால் திங்கள் நள்ளிரவு வரை. பிரிட்டனின் 2013 விதிகளும் பொருள் கைக்கு வந்த நாளுக்கு மறுநாளிலிருந்துதான் 14 நாளை எண்ணுகின்றன.

முதல் நாளை விடுவதற்கு நேர்மையான காரணம் இருக்கிறது. டெலிவரி காலை 8 மணிக்கும் வரும், இரவு 9 மணிக்கும் வரும். அந்த நாளையும் சேர்த்தால் இரவு 9 மணிக்கு வாங்கியவருக்கு "பத்து நாள்" என்பது உண்மையில் ஒன்பது நாளும் மூன்று மணி நேரமும்தான். சொன்ன பத்து நாளை முழுசாகக் கொடுக்க வேண்டுமென்றால் உடைந்த அந்த முதல் நாளை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் இதை எந்த இடத்தில் உறுதியாகப் பேசலாம், எந்த இடத்தில் முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சட்டமே கொடுக்கும் கெடுவுக்குச் சட்டத்தின் கணக்குதான். நிறுவனம் தானாக முன்வந்து கொடுக்கும் கெடுவுக்கு அதன் விதிப் பக்கத்தில் இருக்கும் வாசகம்தான் முதலில் பேசும். "டெலிவரி நாள் உட்பட 10 நாள்" என்று தெளிவாக எழுதியிருந்தால் முதல் கணக்கோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். "டெலிவரியிலிருந்து 10 நாள்" என்றோ "டெலிவரிக்குப் பின் 10 நாளுக்குள்" என்றோ மட்டும் இருந்தால் 13-ம் தேதி உங்கள் பக்கம்தான். இரண்டு விதமாகப் படிக்க முடிகிற வாசகத்தை, அதை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய கொள்கை. எங்கள் மேசையிலும் வாடிக்கையாளர் அந்த ஒரு வரியை எடுத்துக்காட்டி எழுதினால், மேலதிகாரிகள் பெரும்பாலும் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். வரியைக் காட்டாமல் "இது அநியாயம்" என்று மட்டும் எழுதியவர்களுக்கு ஆயத்த பதில்தான் போகும்.

சரி, திறந்த நாளிலிருந்து ஏன் எண்ணக் கூடாது? வாங்குகிறவருக்கு அதுதானே நியாயமாகத் தோன்றும். பொருளைப் பார்க்காமலே எப்படி முடிவெடுப்பது? இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், கேட்பதில் தவறே இல்லை.

முதலில், கெடு என்றால் இரண்டு பக்கமும் ஒரே தேதியைப் பார்க்க முடிய வேண்டும். டெலிவரிக்குச் சாட்சி இருக்கிறது. கூரியர் ஸ்கேன் செய்த நேரம், வாங்கியவர் கையெழுத்து அல்லது ரகசிய எண், வாசலில் எடுத்த படம், சில சமயம் அந்த இடத்தின் வரைபடப் புள்ளிகூட. பெட்டியைத் திறந்ததற்கு உங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நீங்கள் உண்மையைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் மூன்று மாதம் பயன்படுத்திவிட்டு "நேற்றுதான் திறந்தேன்" என்கிறவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இரண்டாவது காரணம் வெளியே அதிகம் தெரியாதது. ஆனால் இந்தத் தொழிலில் அதுதான் கனமானது என்பது என் எண்ணம். விற்றவருக்கும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் டெலிவரியிலிருந்துதான். வழியில் பொருள் அடிபட்டிருந்தால் விற்றவர் அதைச் சரக்கு ஏற்றி வந்தவரிடம் முறையிட வேண்டும், அதற்கு மிகக் குறைந்த நாட்களே உண்டு. ஐரோப்பாவில் எல்லை தாண்டும் லாரி சரக்குக்கு 1956-ல் வந்த ஒப்பந்தத்தின்படி, வெளியே தெரியாத சேதத்தை டெலிவரி ஆன 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக. சொல்லாவிட்டால் பொருள் நன்றாகத்தான் போய்ச் சேர்ந்தது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். விமானச் சரக்குக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் வைத்திருப்பது, பெற்றுக்கொண்டதிலிருந்து 14 நாள். நீங்கள் 40-ம் நாள் பெட்டியைத் திறந்து உள்ளே உடைந்திருக்கிறது என்றால், அந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் கதவு விற்றவருக்கு எப்போதோ மூடியிருக்கும். உங்களிடம் "டெலிவரி ஆனதும் பாருங்கள்" என்று கேட்பவர், தானும் அந்த நாளுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

பணமும் ஒரு காரணம். பலருடைய பொருட்களை ஒரே இடத்தில் விற்கும் தளங்கள் பலவற்றில் விற்பனையாளருக்குப் பணம் போவது ரிட்டர்ன் கெடு முடிந்த பிறகுதான். அந்தக் கெடு திறந்த நாளைப் பொறுத்தது என்றால் எப்போது முடியும் என்றே யாருக்கும் தெரியாது. பொருள் ஏதோ ஒரு அலமாரியில் மூடிக் கிடக்கும், சிறு வியாபாரியின் பணமும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கும்.

வாங்குகிறவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். டெலிவரியிலிருந்து எண்ணுவது என்பதே வாங்குகிறவருக்காக வந்த ஏற்பாடு. ஆர்டர் போட்ட நாளிலிருந்தோ பணம் கட்டிய நாளிலிருந்தோ எண்ணினால், பார்சல் வழியில் கிடக்கும் நாளெல்லாம் உங்கள் கெடுவைத் தின்றுகொண்டிருக்கும். ஒன்பது நாள் கழித்து வந்து சேரும் பொருளுக்கு 10 நாள் கெடு என்றால் மிச்சம் ஒரே நாள். அதனால்தான் ஐரோப்பியச் சட்டம் சேவைகளுக்கு ஒப்பந்த நாளிலிருந்தும் பொருட்களுக்குக் கைக்கு வந்த நாளிலிருந்தும் எண்ணுகிறது. ஆர்டர் நாள் உங்களுக்கு அநியாயம், திறந்த நாள் விற்றவருக்கு அநியாயம். நடுவில் இரண்டு பேரும் பார்க்க முடிகிற ஒரே நாள் டெலிவரி நாள்தான்.

இங்கே கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் "டெலிவரி". கணினிக்கு டெலிவரி என்றால் ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். சட்டத்துக்கு டெலிவரி என்றால் பொருள் உங்கள் கைக்கு வருவது. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பெண்மணியின் கோரிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் வாங்கியது சின்ன மிக்சி. கெடு முடிந்து ஒரு நாள் ஆனதாகக் கணினி காட்டியது. பார்சல் அடுத்த நாள் காலையில்தான் வந்தது என்று அவர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். டெலிவரி பதிவைத் திறந்து பார்த்தேன். நேரம் இரவு 9:52. அதோடு இருந்த வரைபடப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது அவர் தெருவிலேயே இல்லை, கூரியரின் கிடங்கில் இருந்தது. அன்றைய எண்ணிக்கையை முடிப்பதற்காக, கையில் மிச்சமிருந்த பார்சல்களை எல்லாம் "டெலிவரி ஆனது" என்று ஸ்கேன் செய்துவிட்டு மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர் கெடு ஒரு நாள் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. தேதியைத் திருத்தி ரிட்டர்னை ஏற்றோம். அன்றிலிருந்து இரவு 9 மணிக்கு மேல் பதிவான டெலிவரி எதையும் நான் புள்ளியைப் பார்க்காமல் மறுத்ததில்லை. உங்களுக்கும் நேரத்தில் சந்தேகம் இருந்தால் "டெலிவரிச் சான்றை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். படம், கையெழுத்து, நேரம் எல்லாம் அவர்களிடம் இருக்கும்.

பக்கத்து வீட்டில் கொடுத்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான பதில் கிடையாது. நீங்களே சொல்லி ஒருவரிடம் கொடுத்தால், அவர் கைக்கு வந்ததே உங்கள் கைக்கு வந்ததாக எண்ணப்படும். ஐரோப்பியச் சட்டம் இதை அப்படியே எழுதியிருக்கிறது: வாங்கியவர் குறிப்பிட்ட மூன்றாம் நபர் பெற்றுக்கொண்டால் கெடு அன்றே தொடங்கும். நீங்கள் சொல்லாமல் கூரியர்காரர் தானாகவே யாரிடமோ கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நிலைமை வேறு, பொருள் உங்களிடம் வந்த நாளைக் கேட்டு வாதாடலாம். அதனால் பெட்டியை யாரிடம் கொடுத்தார்கள் என்பதோடு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். போனில் நீங்கள் சொன்னதால் 3-ம் தேதியை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஒரே ஆர்டரில் பல பொருள் தனித்தனியாக வந்தால் அதே சட்டம் கடைசிப் பொருள் வந்த நாளிலிருந்து எண்ணும். ஒரே பொருள் பல பெட்டியாக வந்தாலும் கடைசிப் பெட்டிதான் கணக்கு. கட்டிலின் சட்டகம் முதல் வாரமும் கால்கள் மூன்றாம் வாரமும் வந்தால், கால்கள் வந்த பிறகுதானே அது கட்டிலாகும். ஆனால் மாதாமாதம் வரும் பொருளுக்கு முதல் டெலிவரியே தொடக்கம். நிறுவனங்களின் சொந்த விதியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கெடு என்று இருப்பதும் உண்டு. ஆர்டர் பக்கத்தில் பொருளுக்குப் பக்கத்திலேயே "இந்தத் தேதி வரை திருப்பலாம்" என்று போட்டிருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

இதே அளவுக்குக் குழப்புவது கெடு எதோடு முடிகிறது என்பது. திருப்புகிறேன் என்று சொன்னால் போதுமா, பார்சலை ஒப்படைக்க வேண்டுமா, அவர்கள் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டுமா? ஐரோப்பியச் சட்டத்தில் கெடு முடிவதற்குள் செய்தி அனுப்பினாலே போதும், பொருளை அனுப்ப அதற்குப் பிறகு இன்னொரு 14 நாள் உண்டு. நிறுவன விதிகளில் பெரும்பாலும் கோரிக்கையைப் பதிவு செய்த நேரம்தான் கணக்கு. ஆனால் "கிடங்குக்கு வந்து சேர வேண்டும்" என்று எழுதியிருக்கும் இடங்களும் இருக்கின்றன, அங்கே உண்மையான கெடு இரண்டு மூன்று நாள் குறைவு. எடுத்துப்போக வருகிறவர் வராமல் கோரிக்கை தானாகவே ரத்தாகிவிடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் புதுக் கோரிக்கை போடாதீர்கள். புதுசாகப் போட்டால் புதுத் தேதி விழும், அது கெடுவுக்கு வெளியே இருக்கும். பழைய எண்ணைச் சொல்லி அதையே திறக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு இதில் எந்த வேலையுமே இல்லையா என்றால், இருக்கிறது. கெடுவைத் தொடங்கிவைக்காத அந்தச் செயல் சில பொருட்களில் உரிமையையே முடித்துவைக்கும். முத்திரையிட்டு வரும் மென்பொருள் வட்டு, உடல்நலமும் சுகாதாரமும் சார்ந்து முத்திரையோடு வரும் பொருட்கள் போன்றவற்றை முத்திரை உடைத்தால், காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை ஐரோப்பாவில் போய்விடும். காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனை நிறைய நிறுவனங்கள் இந்த வகையில் சேர்த்துவிடுகின்றன. எல்லாப் பொருளையும் அப்படித் தள்ளிவிடவும் முடியாது. மெத்தையின் மேல் உறையைப் பிரித்துவிட்டார் என்று திருப்பி எடுக்க மறுத்த ஒரு வழக்கில், 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. போட்டுப் பார்த்த உடையைத் துவைத்து மறுபடி விற்க முடிகிறது என்றால் மெத்தைக்கும் அப்படித்தான் என்றது. இது எல்லாமே நல்ல பொருளைத் திருப்புவது பற்றியது. பழுதான பொருளுக்கு "முத்திரை உடைந்துவிட்டது" என்ற பதில் பொருந்தவே பொருந்தாது. திறக்காமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இனி உங்கள் ஹெட்ஃபோனுக்கு வருகிறேன். இடது பக்கம் சத்தம் வரவில்லை என்பது குறைபாடு. ரிட்டர்ன் கெடு முடிவதோடு குறைபாட்டுக்கான உரிமை முடிவதில்லை. ஐரோப்பாவில் பழுதுக்கு விற்றவரே டெலிவரியிலிருந்து 2 வருடம் பொறுப்பு, முதல் வருடத்தில் வெளிப்படும் பழுது டெலிவரியின்போதே இருந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் பழுதான பொருளை வேண்டாம் என்று திருப்பிப் பணம் கேட்க 30 நாள். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிகப் பழக்கங்களில் ஒன்று. ரசீதில் எழுதிய கெடுவுக்குள், எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். இதிலும் ரசீதில் எழுதிய கெடுவுக்குத்தான் முதலிடம் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அந்தப் பத்து நாளை எப்படி எண்ணுகிறார்கள் என்பது உங்களுக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

பழுதைக் கண்ட நாளிலிருந்து எண்ணும் சட்டமே உலகில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாடுகளுக்கிடையே நிறுவனங்கள் பொருள் வாங்கி விற்பதற்கான 1980 வியன்னா ஒப்பந்தத்தில், குறையைக் கண்டதிலிருந்து, அல்லது கண்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து, நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வாங்குவதற்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. ஆனால் அதிலும் "கண்டிருக்க வேண்டிய" என்ற சொல் இருக்கிறது, கிடைத்த பொருளைச் சீக்கிரம் பிரித்துப் பார்க்கும் கடமையும் இருக்கிறது. அதற்கும் மேலே, பொருள் ஒப்படைக்கப்பட்டு 2 வருடம் தாண்டினால் எதுவும் சொல்ல முடியாது என்ற எல்லையையும் போட்டிருக்கிறார்கள். கண்ட நாளைக் கணக்கில் எடுத்த இடத்திலும் வெளிச்சுவர் டெலிவரி நாள்தான்.

நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. ஹெட்ஃபோனை இரண்டு வேறு கருவிகளில் மாட்டி, இடது பக்கம் வேலை செய்யாததை ஒரே வீடியோவாக எடுங்கள், பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணும் அதில் தெரியட்டும். பெட்டி, உறை, முகவரி ஒட்டிய தாள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். நீங்கள் ஆர்டர் போட்ட நாளில் இருந்த விதிப் பக்கத்தைத் தேடுங்கள், ஆர்டர் மின்னஞ்சலில் அதன் சுருக்கம் பெரும்பாலும் இருக்கும். அப்புறம் போனில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள். "3-ம் தேதி டெலிவரி. உங்கள் விதியில் டெலிவரியிலிருந்து 10 நாள் என்று இருக்கிறது. டெலிவரி நாளை விட்டு எண்ணினால் கெடு 13-ம் தேதி முடிகிறது. 13-ம் தேதி காலை 9 மணிக்குக் கோரிக்கை போட முயன்றேன், திரை ஏற்கவில்லை. பொருள் பழுதானது, வீடியோ இணைத்திருக்கிறேன். மனம் மாறித் திருப்பவில்லை" என்று இவ்வளவு போதும். 13-ம் தேதி எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருந்தால் கட்டாயம் சேருங்கள், நேரத்துக்கு அதுதான் உங்கள் ஒரே சாட்சி.

"வாரண்டியில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்று பதில் வரலாம். வாரண்டி உங்களுக்குக் கண்டிப்பாக உண்டு, ஆனால் அது பொதுவாகத் தயாரிப்பாளர் தருவது, பெரும்பாலும் பழுதுபார்த்துத்தான் தருவார்கள், பணம் வராது. விற்றவரிடம் கேட்ட ரிட்டர்னுக்கு எழுத்தில் பதில் வரும்வரை ஹெட்ஃபோனைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். ஒரு முறை திறந்து சரிபார்த்த பொருளை "மாற்றப்பட்டது" என்று சொல்லி ரிட்டர்ன் மேசை தள்ளிவிடும். நானே அப்படித் தள்ள வேண்டி வந்திருக்கிறது, அதற்குப் பிறகு வாங்கியவருக்காக எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.